ஒரு படப்பிடிப்பின் விலை

"தம்பி, நம்ம கோயிலுக்கு மகா கும்பாபிஷேகம் வச்சிருக்கோம். முழுசாப் படம் பிடிச்சுக் கொடுக்க எவ்வளவு ஆகும்?"

குளுவாங் வட்டாரத்திலுள்ள ஓர் ஆலயத்தின் தலைவர் தொலைபேசியில் இப்படிக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். மறுமுனையில் இருப்பவர் ஸ்கூடாயில் வசிக்கும் இளம் புகைப்படக் கலைஞர். எந்த நிறுவனத்திலும் வேலை செய்யாமல், தமக்கு வரும் பணிகளைத் தாமே ஏற்றுச் செய்யும் சுயதொழில் முனைவர். இக்கட்டுரையில் வரும் ஆலயமும் கலைஞரும் கணக்கை விளக்குவதற்காக அமைத்துக்கொண்ட எடுத்துக்காட்டுகளே. ஆனால், தலைவர் கேட்ட கேள்வி ஜொகூர் மாநிலத்தில் படப்பிடிப்புத் தொழில் செய்யும் எவரும் அடிக்கடி கேட்கும் கேள்விதான்.

அந்தக் கேள்விக்கு உடனே ஒரு தொகையைச் சொல்லிவிடலாம். சென்ற ஆண்டு அந்தக் கலைஞர் அப்படித்தான் செய்தார். இதே போன்ற வேறொரு பணிக்கு, "இரண்டாயிரத்து ஐந்நூறு ரிங்கிட் ஐயா," என்று சட்டென்று சொல்லிவிட்டார். மற்றவர்கள் ஏறக்குறைய அவ்வளவுதான் வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டதே அதற்குக் காரணம். பணி முடிந்த பிறகு கணக்குப் பார்த்தார். பெட்ரோல், சாலைக் கட்டணம், தங்கும் விடுதி, துணைக்கு வந்தவரின் சம்பளம் எல்லாம் சேர்ந்து ரி.ம.1,200 கையை விட்டுப் போயிருந்தது. மீதி ரி.ம.1,300. அந்தப் பணிக்காக அவர் செலவிட்ட நேரம் 60 மணி. அப்படியானால் ஒரு மணி நேர உழைப்புக்கு அவருக்குக் கிடைத்தது 21 ரிங்கிட் 67 சென். அந்தத் தொகையிலிருந்துதான் அவர் கேமராவின் தேய்மானம், வீட்டு வாடகை, கார்க் காப்புறுதி ஆகிய அனைத்தையும் சமாளிக்க வேண்டும்.

ஆகவே, இம்முறை அவர் தொகை எதையும் சொல்லவில்லை. "இரண்டு நாள் நேரம் கொடுங்க ஐயா. சில விவரங்களைக் கேட்டுக்கிட்டு எழுத்திலேயே அனுப்புறேன்," என்றார். அந்த இரண்டு நாளில் அவர் மூன்று கேள்விகளுக்கு விடை தேடினார். தம்முடைய ஒரு மணி நேரத்துக்கு ஆகும் செலவு என்ன? இந்தப் பணி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? செலவு போகத் தொழிலுக்கு எவ்வளவு மிஞ்ச வேண்டும்?

முதல் கேள்விக்கு விடை காண, அவர் ஆண்டுச் செலவிலிருந்து தொடங்கினார். தமக்குத் தாமே கொடுத்துக்கொள்ளும் சம்பளம் மாதம் ரி.ம.3,500, ஆண்டுக்கு ரி.ம.42,000. இதற்கு மேல் தொழிலுக்கென்று ஆகும் செலவுகள் இருக்கின்றன. கேமரா, வில்லைகள், மின்னொளி விளக்கு, கணினி ஆகியவற்றின் மொத்த விலை ரி.ம.24,000. இவற்றை நான்கு ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டியிருக்கும் என்பதால், ஆண்டுக்கு ரி.ம.6,000 ஒதுக்க வேண்டும். கார்ப் பராமரிப்பும் காப்புறுதியும் ரி.ம.3,600. படத்தைச் செம்மைப்படுத்தும் மென்பொருளுக்கும் சேமிப்புக்கும் ரி.ம.2,400. தொலைபேசிக்கும் இணையத்துக்கும் ரி.ம.1,800. தொழிற்பதிவு, கருவிக் காப்புறுதி போன்ற சில்லறைச் செலவுகள் ரி.ம.600.

இன்னொரு செலவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நிறுவனத்தில் வேலை செய்பவருக்கு முதலாளி ஊழியர் சேமநிதியிலும் பெர்க்கேசோவிலும் தம் பங்குக்குப் பணம் செலுத்துகிறார். சுயதொழில் செய்பவருக்கு முதலாளியும் அவரே என்பதால் அந்தப் பங்கையும் அவரே கட்ட வேண்டும். அதற்கு ஆண்டுக்கு ரி.ம.3,600 என்று அவர் எழுதிக்கொண்டார். தொழிற்செலவுகள் மொத்தம் ரி.ம.18,000. சம்பளத்தையும் சேர்த்தால் ஆண்டுச் செலவு ரி.ம.60,000.

இனி இந்தத் தொகையை எத்தனை மணி நேரத்தால் வகுப்பது? பெரும்பாலோர் தவறும் இடம் இதுதான். வாரத்துக்கு 40 மணி நேரம், ஆண்டுக்கு 48 வாரம் வேலை செய்தால் 1,920 மணி நேரம் ஆகிறது. ரி.ம.60,000ஐ 1,920ஆல் வகுத்தால் ரி.ம.31.25 வரும். விடை சரிதான்; வகுத்த எண்தான் தவறு. ஏனெனில், அவர் உழைக்கும் எல்லா மணி நேரத்துக்கும் யாரும் பணம் கொடுப்பதில்லை. வாட்சாப்பில் வரும் விசாரணைகளுக்குப் பதில் சொல்வது, கைகூடாமல் போகும் பணிகளுக்கு விலைப்புள்ளி தயாரிப்பது, கருவிகளைத் துடைத்து வைப்பது, கணக்கு எழுதுவது, வர வேண்டிய பணத்தைக் கேட்டு நினைவூட்டுவது ஆகிய வேலைகளுக்கு எந்த வாடிக்கையாளரும் பொறுப்பில்லை.

அதோடு நிகழ்ச்சிகள் ஆண்டு முழுவதும் சீராக வருவதும் இல்லை. ஆடி, மார்கழி மாதங்களில் தமிழர் திருமணங்கள் அரிது. மற்ற மாதங்களிலோ எல்லாரும் சனி, ஞாயிற்றையே நாடுகிறார்கள். ஜொகூரில் 2014 முதல் வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக இருந்தன. 2025 ஜனவரி முதல் நாளிலிருந்து மீண்டும் சனியும் ஞாயிறும் ஆயின. எப்படியிருந்தாலும் ஆண்டுக்கு வார இறுதி நாட்கள் 104 மட்டுமே. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று அழைப்புகள் வந்தாலும் ஏற்கக்கூடியது ஒன்றுதான்.

சென்ற ஆண்டின் நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்தபோது, பணம் கிடைத்த வேலைகளுக்காக அவர் செலவிட்ட நேரம் ஏறக்குறைய 1,000 மணி என்று தெரிந்தது. மொத்த உழைப்பில் பாதியைச் சற்றே தாண்டியது. ரி.ம.60,000ஐ 1,000ஆல் வகுத்தால் அவருடைய ஒரு மணி நேரச் செலவு ரி.ம.60. இதை விட்டு, ரி.ம.31.25 என்ற கணக்கிலேயே ஆண்டு முழுவதும் விலை சொல்லியிருந்தால், 1,000 மணி நேரத்துக்கு ரி.ம.31,250 மட்டுமே வந்திருக்கும். ஆண்டு முடிவில் ரி.ம.28,750 குறையும். வேலை இல்லாததால் வந்த குறை அன்று அது. நாள்தோறும் வேலை இருந்தும் வந்த குறை. அதனால்தான் அது கண்ணுக்குச் சுலபத்தில் தென்படுவதில்லை.

இரண்டாவது கேள்வி பணியின் எல்லையைப் பற்றியது. "முழுசாப் படம் பிடிச்சுக் கொடுங்க" என்பதில் 'முழுசா' என்ற சொல்லுக்கு என்ன பொருள்? ஆலயத் தலைவருக்கு அது ஒன்றாக இருக்கலாம். கலைஞருக்கு வேறொன்றாக இருக்கலாம். பாஸ்போர்ட் அளவுப் படத்துக்குக் கடையில் ஒரே விலை எழுதி ஒட்டிவிடலாம். கும்பாபிஷேகம் அப்படிப்பட்டதன்று. யாகசாலைப் பூசைகள் பல காலங்களாக நடக்கும். புனித நீர்க் குடங்கள் புறப்பட்டுக் கோபுரத்தை அடையும் நேரம் சில நிமிடங்களில் கடந்துவிடும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை நடத்துவதே மரபு என்பதால், தவறவிட்ட காட்சியை அடுத்த வாரம் போய் எடுக்க முடியாது.

எனவே, கலைஞர் தலைவரிடம் கேள்விகளைக் கேட்டார். எந்த நாளில் எந்த நேரத்துக்கு வர வேண்டும்? எத்தனை படங்களைச் செம்மைப்படுத்தித் தர வேண்டும்? அவை சிறப்பு மலரில் அச்சாகுமா, முகநூலில் மட்டும் வெளிவருமா? உபயதாரர் குடும்பங்களைத் தனித்தனியாக எடுக்க வேண்டுமா? படங்கள் என்றைக்குள் தேவை? கும்பாபிஷேகத்துக்குப் பின்வரும் 48 நாள் மண்டலாபிஷேகமும் இதில் சேருமா? கடைசிக் கேள்விக்குத் தலைவர், "அது சின்னப் பூசைதான் தம்பி, அதை அப்புறம் பார்த்துக்கலாம்," என்றார். கலைஞர் அதை அப்படியே குறித்துக்கொண்டார்: மண்டலாபிஷேகம் இந்தப் பணியில் சேராது.

கிடைத்த விடைகளை அவர் மணி நேரமாக மாற்றினார். முன்கூட்டியே ஆலயத்துக்குப் போய், வெளிச்சம் விழும் திசையையும் நிற்க இடம் கிடைக்கும் மூலைகளையும் பார்த்துவர 3 மணி. பேச்சுக்கும் ஒப்பந்தத்துக்கும் 2 மணி. வெள்ளி மாலை, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாளும் சேர்ந்து படம் பிடிக்கும் நேரம் 20 மணி. ஸ்கூடாயிலிருந்து குளுவாங் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். இரண்டு முறை போய்வரப் பயண நேரம் 6 மணி. எடுத்த படங்களில் தேறியவற்றைப் பொறுக்கி எடுக்க 6 மணி. 150 படங்களை, ஒன்றுக்கு 6 நிமிடமாகச் செம்மைப்படுத்த 15 மணி. படங்களை ஒப்படைக்கவும், ஆலயத்தார் சொல்லும் திருத்தங்களை ஒரு முறை செய்யவும் 4 மணி. இவை 56 மணி. எதிர்பாராத தாமதத்துக்கு 4 மணி சேர்த்தால் 60 மணி.

பார்வையாளர்கள் கண்ணில் படுவது இதில் 20 மணி மட்டுமே. எஞ்சிய 40 மணியும் காரிலும் கணினியின் முன்னும் கழிகின்றன. "மூணு நாள் வேலைதானே?" என்று கேட்பவர் ஏமாற்ற நினைப்பவர் அல்லர், தாம் பார்த்ததைச் சொல்கிறார், அவ்வளவுதான். பார்க்காததைக் காட்ட வேண்டியது விலை சொல்பவரின் வேலை.

60 மணி நேரத்தை ரி.ம.60ஆல் பெருக்கினால் உழைப்புச் செலவு ரி.ம.3,600. இதனுடன் இந்தப் பணிக்காக மட்டுமே ஆகும் நேரடிச் செலவுகளைச் சேர்க்க வேண்டும். பெட்ரோலும் சாலைக் கட்டணமும் ரி.ம.140, இரண்டு இரவுக்கு விடுதி ரி.ம.240, உணவு ரி.ம.100, படங்களைச் சேமித்துக் கொடுக்கும் வன்தட்டு ரி.ம.220. கும்பாபிஷேக நாளன்று ஓர் உதவிப் புகைப்படக்காரருக்கு ரி.ம.500. அவரைச் சிக்கனம் கருதி விட்டுவிட முடியாது. கோபுரக் கலசத்தில் புனித நீர் விழும் அதே கணத்தில்தான் கீழே கூடியிருக்கும் பக்தர்கள் தலைக்கு மேல் கைகூப்பி நிற்பார்கள். ஒரே ஆள் மேலும் கீழும் இருக்க இயலாது. நேரடிச் செலவு ஆகமொத்தம் ரி.ம.1,200. பணியின் முழுச் செலவு ரி.ம.4,800.

இங்கே ஓர் ஐயம் எழலாம். கலைஞரின் சம்பளம் ஏற்கெனவே ஒரு மணி நேரச் செலவுக்குள் அடங்கிவிட்டதே, பிறகு எதற்கு இலாபம்? சம்பளம் என்பது அவர் செய்யும் வேலைக்குரியது. இலாபம் அவருடைய தொழிலுக்குரியது. மழையில் கேமரா நனைந்து பழுதாகலாம். ஒரு வாடிக்கையாளர் பணம் தராமல் இழுத்தடிக்கலாம். ஒரு மாதம் முழுவதும் காய்ச்சலில் படுத்துவிடலாம். இவற்றை எந்தச் செலவுப் பட்டியலிலும் எழுதி வைக்க முடியாது. இவற்றுக்கு ஈடுகொடுப்பதும், மிஞ்சினால் நல்ல வில்லை ஒன்றை வாங்கித் தொழிலை வளர்ப்பதும் இலாபத்தின் வேலை. தம் விற்பனை விலையில் நூற்றுக்கு 20 இலாபமாக இருக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்திருந்தார்.

செலவு ரி.ம.4,800. இருபது விழுக்காடு இலாபம் வேண்டும். உடனே பலர் 4,800இல் இருபது விழுக்காட்டைக் கண்டுபிடித்து, ரி.ம.960ஐச் சேர்த்து, விலை ரி.ம.5,760 என்பார்கள். ஆனால் 960 என்பது 5,760இல் எத்தனை விழுக்காடு? வகுத்துப் பார்த்தால் 16.7தான் வரும். காரணம் எளிது. அவர்கள் செலவில் இருபது விழுக்காட்டைச் சேர்த்தார்கள். வேண்டியிருந்ததோ விலையில் இருபது விழுக்காடு. விலையை நூறு பங்காக நினைத்துப் பார்த்தால் குழப்பம் நீங்கும். அதில் 20 பங்கு இலாபம் என்றால், செலவு எஞ்சிய 80 பங்கில் அடங்க வேண்டும். அதாவது,

விலை = செலவு ÷ (1 − இலாப விகிதம்)

ரி.ம.4,800ஐ 0.80ஆல் வகுத்தால் ரி.ம.6,000. இதில் இலாபம் ரி.ம.1,200; அது 6,000இல் சரியாக இருபது விழுக்காடு. இரண்டு வழிக்கும் இடையிலுள்ள வேறுபாடு இந்த ஒரு பணியில் ரி.ம.240. கேட்டால் சிறு தொகைதான். ஆண்டுக்குப் பதினைந்து இருபது பணிகளில் இதே தவறு தொடர்ந்தால் என்ன ஆகும் என்பதை மாணவர்கள் தாங்களே பெருக்கிப் பார்க்கலாம்.

கலைஞர் ரி.ம.6,000 என்று விலைப்புள்ளி அனுப்பினார். அதில் ஒரு மணி நேரத்துக்கு ரி.ம.60 என்று எங்கும் எழுதவில்லை. அது அவர் தமக்குள் வைத்துக்கொள்ளும் அடிக்கணக்கு. அதற்குக் கீழே போனால் நட்டம் என்று எச்சரிக்கும் கோடு. அதை வாடிக்கையாளரிடம் சொல்லி மணிக்கணக்கில் வசூலித்தால் ஒரு விநோதம் நேரும். பழக்கத்தால் கைவேகம் கூடி, ஒரு படத்தை 6 நிமிடத்துக்குப் பதிலாக 4 நிமிடத்தில் முடித்தால், திறமை வளர்ந்ததற்காக அவர் வருமானம் குறையும். ஆகவே விலைப்புள்ளியில் இருந்தவை மொத்தத் தொகையும் அதற்காக ஆலயம் பெறப்போகிறவையும்தான்: எத்தனை நாள், எத்தனை மணி, எத்தனை படம், எத்தனை முறை திருத்தம், எந்தத் தேதிக்குள்.

தலைவர் அன்று மாலையே அழைத்தார். "தம்பி, திருப்பணிக்கே கடன் வாங்கியிருக்கோம். நாலாயிரத்து ஐந்நூறுக்கு மேல முடியாது."

அந்த நிலையில் விலையை மட்டும் குறைப்பது எல்லாரும் செய்வது. அப்படி ஒரே மூச்சில் ரி.ம.1,500ஐக் குறைத்தால், முதலில் சொன்ன விலை வெறும் பேரம்தானோ என்று கேட்பவருக்குத் தோன்றும். அதோடு, ரி.ம.4,800 செலவாகும் பணியை ரி.ம.4,500க்கு ஏற்றால் ரி.ம.300 நட்டம். கலைஞர் விலையைத் தொடாமல் பணியின் எல்லையைத் தொட்டார். "வெள்ளிக்கிழமை மாலைப் பூசையை விட்டுடலாமா ஐயா? மலருக்கு 150 படம் தேவையா, 80 போதுமா? தங்க இடமும் சாப்பாடும் கோயில்லயே கிடைக்குமா?" என்று கேட்டார். தலைவர் மூன்றுக்கும் சம்மதித்தார். நிர்வாகக் குழுவினர் ஒருவர் வீட்டில் தங்க இடம் கிடைத்தது. சாப்பாட்டுக்கு அன்னதானம் இருக்கவே இருக்கிறது.

கணக்கு மாறியது. படம் பிடிக்கும் நேரத்தில் 5 மணியும், பொறுக்கி எடுப்பதில் 1 மணியும், செம்மைப்படுத்துவதில் 7 மணியும் குறைந்து, மொத்தம் 47 மணியானது. உழைப்புச் செலவு ரி.ம.2,820. விடுதியும் உணவும் நீங்கியதால் நேரடிச் செலவு ரி.ம.860. முழுச் செலவு ரி.ம.3,680, அதை 0.80ஆல் வகுத்தால் விலை ரி.ம.4,600. ஆலயத்தின் தொகையோ ரி.ம.4,500. இந்த நூறு ரிங்கிட்டை அவர் விட்டுக்கொடுத்தார். ஆனால், விலைப்புள்ளியில் ரி.ம.4,600 என்று எழுதி, அதன் கீழே 'ஆலயத்துக்கு அன்பளிப்பு ரி.ம.100' என்று குறிப்பிட்டார். கொடுப்பதைக் கண்ணுக்குத் தெரியும்படி கொடுத்தால், அடுத்த முறை பேச்சு 4,600இலிருந்து தொடங்கும். இப்போது இலாபம் ரி.ம.820, விலையில் 18 விழுக்காட்டுக்குச் சற்று மேல். விரும்பிய இருபது கிடைக்கவில்லை என்றாலும் அடிக்கோட்டுக்கு மேலேயே இருக்கிறது.

ஒப்பந்தத்தில் இன்னும் சில வரிகள் சேர்ந்தன. பணியை உறுதி செய்யும்போது ரி.ம.1,800, கும்பாபிஷேக நாளில் ரி.ம.1,800, படங்களை ஒப்படைக்கும்போது ரி.ம.900 என்று பணம் மூன்று தவணையாகப் பிரிந்தது. படங்களின் பதிப்புரிமை யாருக்கு என்பதும் எழுதப்பட்டது. இதைப் புகைப்படக் கலைஞர்களே பலர் அறிவதில்லை. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டதற்காக உருவாக்கும் படைப்பின் உரிமை, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டுக்கொண்டவருக்கே போய்ச் சேர்ந்ததாகக் கருதப்படும். படம் பிடித்தவர் நானே, உரிமையும் என்னுடையதே என்று எண்ணிக்கொண்டு, பின்னாளில் அந்தப் படத்தை நாட்காட்டி நிறுவனத்துக்கு விற்க நினைத்தால் சிக்கல் வரும். இந்தப் பணியில் ஆலயம் மலரிலும் முகநூலிலும் படங்களைப் பயன்படுத்தலாம் என்றும், உரிமை கலைஞரிடமே இருக்கும் என்றும் இரு தரப்பும் கையொப்பமிட்டன. முழு உரிமையும் வேண்டுமென்று ஆலயம் கேட்டிருந்தால், அதுவும் விலையில் சேர வேண்டிய ஒன்றே.

கும்பாபிஷேகம் நன்றாக நடந்தது. ஆறு வாரம் கழித்துத் தலைவர் மீண்டும் அழைத்தார். "தம்பி, மண்டலாபிஷேகப் பூர்த்தி வருது. ஒரு அஞ்சு மணி நேரந்தான். அதையும் வந்து எடுத்துடுங்களேன்."

நல்ல உறவை எண்ணி, "சரி ஐயா" என்று சொல்லத்தான் மனம் வரும். கலைஞர் கணக்கைப் பார்த்தார். பயணம் 3 மணி, படம் பிடிக்க 5 மணி, பொறுக்கிச் செம்மைப்படுத்த 4 மணி. மொத்தம் 12 மணி. உழைப்புச் செலவு ரி.ம.720. பெட்ரோலும் சாலைக் கட்டணமும் ரி.ம.70. ஆக ரி.ம.790. முழுப் பணியிலும் அவர் எதிர்பார்த்த இலாபமே ரி.ம.820தான். ஒரு நாள் வேலையை இலவசமாக ஏற்றுக்கொண்டால், இரண்டு மாத இலாபத்தில் எஞ்சுவது 30 ரிங்கிட். திட்டப்பணிகளில் நட்டம் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. விலையைத் தவறாகச் சொன்னதால் மட்டும் வருவதில்லை. சரியாகச் சொன்ன விலைக்குள் புதிய வேலைகள் ஒவ்வொன்றாக வந்து அமர்ந்துகொள்வதாலும் வருகிறது. ஒவ்வொன்றும் தனியாகப் பார்க்கும்போது மறுக்க முடியாத அளவுக்குச் சிறியதாக இருக்கும். உபயதாரர் ஒருவர், "எங்க குடும்பத்தை ஒரு படம் எடுங்க தம்பி," என்பார். ஒரு படத்துக்கு 6 நிமிடம்தான். நாற்பது குடும்பங்கள் கேட்டால் 4 மணி, ரி.ம.240.

ஆனால், தலைவருக்கு மறுப்புச் சொல்ல வேண்டிய நிலையும் ஏற்படவில்லை. மண்டலாபிஷேகம் சேராது என்பதும், கூடுதல் நாள் கேட்டால் தனி விலை என்பதும் ஒப்பந்தத்தில் முன்பே இருந்தன. "கண்டிப்பா வர்றேன் ஐயா. ஒப்பந்தத்துல இருக்கிற மாதிரி அதுக்குத் தனியா 990 ரிங்கிட் ஆகும்," என்றார். ரி.ம.790ஐ 0.80ஆல் வகுத்தால் வரும் ரி.ம.987.50ஐத்தான் அவர் முழுத் தொகையாக்கியிருந்தார். தலைவர் சற்று யோசித்துவிட்டு, குழுவில் பேசிச் சொல்வதாகக் கூறினார். மறுநாள் சம்மதம் வந்தது. வராமல் போயிருந்தாலும் யாருக்கும் மனத்தாங்கல் இருந்திருக்காது.

இந்த முறைக்கும் எல்லைகள் உண்டு. கணக்குப்படி வரும் விலையைச் சந்தை ஏற்காமல் போகலாம். பக்கத்து ஊரில் இதே பணியை ரி.ம.3,000க்குச் செய்ய ஒருவர் முன்வரலாம். அப்போது முதலில் பார்க்க வேண்டியது, அவர் தருவதும் இவர் தருவதும் ஒன்றுதானா என்பதே. உதவியாளர் இல்லாமல், செம்மைப்படுத்தாத படங்களை மட்டும் தருபவரின் விலை குறைவாகத்தான் இருக்கும். இரண்டும் ஒன்றேயாகி, அவர் விலையும் பலருக்குப் பொருந்துகிறது என்றால், இவர் தம் ஆண்டுச் செலவையோ பணம் தரும் மணி நேரத்தின் எண்ணிக்கையையோ மாற்ற வழி தேட வேண்டும். கணக்கு விலையை வரவழைப்பதில்லை. எந்த விலைக்குக் கீழே பணியை ஏற்கக் கூடாது என்பதை மட்டுமே அது காட்டும்.

வருமான வரியும் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறது. சுயதொழில் செய்பவர் உள்நாட்டு வருமான வாரியத்துக்குப் பி பாரத்தின் வழியே ஆண்டுதோறும் வருமானத்தை அறிவிக்க வேண்டும். செலவுச் சீட்டுகளை ஏழு ஆண்டு பாதுகாக்கவும் வேண்டும். பெட்ரோல் சீட்டிலிருந்து வன்தட்டு வாங்கிய சீட்டு வரை ஒரு கோப்பில் போட்டு வைத்தால், வரிக் கணக்குக்கும் அடுத்த விலைப்புள்ளிக்கும் ஒரே கோப்பு உதவும்.

பணி முடிந்ததும் கலைஞர் செய்த கடைசி வேலை, திட்டமிட்ட நேரத்தையும் உண்மையில் ஆன நேரத்தையும் அருகருகே எழுதியது. ஒவ்வொரு நாளும் எந்த வேலைக்கு எத்தனை மணி என்று அவர் கைப்பேசியில் குறித்து வந்திருந்தார். மண்டலாபிஷேகத்தைச் சேர்க்காமல், 47 மணி என்று திட்டமிட்ட பணிக்கு 52 மணி ஆகியிருந்தது. ரி.ம.4,500இல் நேரடிச் செலவு ரி.ம.860 போக மிஞ்சிய ரி.ம.3,640ஐ 52ஆல் வகுத்தால், மணிக்கு ரி.ம.70. அடிக்கோடான 60க்கு மேல்தான். ஆனால் இலாபம் ரி.ம.820இலிருந்து ரி.ம.520ஆகக் குறைந்துவிட்டது.

எங்கே நேரம் கூடியது என்பதையும் குறிப்பு காட்டியது. படம் பிடிப்பதிலோ பயணத்திலோ தாமதம் இல்லை. யாகசாலைப் புகையில் பல படங்கள் மங்கியிருந்ததால், தேறியவற்றைப் பொறுக்க 5 மணிக்குப் பதிலாக 9 மணி ஆகியிருந்தது. ஓமத் தீயின் செம்மஞ்சள் ஒளியை ஒவ்வொரு படத்திலும் சரிசெய்ததில் செம்மைப்படுத்தும் நேரம் 8 மணியிலிருந்து 11 மணியாகியிருந்தது. திருத்தம் ஒரு முறை என்று எழுதியிருந்தும், நிர்வாகக் குழுவினர் மூவர் மூன்று வெவ்வேறு பட்டியல் அனுப்பியதில் 2 மணி கூடுதலாகியிருந்தது.

அடுத்த ஆலயத்திலிருந்து அழைப்பு வந்தபோது, அவர் தம் படிவத்தில் மூன்று இடங்களைத் திருத்தியிருந்தார். யாகசாலைப் படங்களைப் பொறுக்கும் நேரத்தைக் கூட்டினார். புகையிலும் தீயொளியிலும் எடுத்த படங்களுக்கு ஒன்றுக்கு 8 நிமிடம் என்று கணக்கிட்டார். திருத்தங்களைப் பற்றிய வரியில், 'ஒரு முறை' என்பதற்குப் பின், 'நிர்வாகக் குழு நியமிக்கும் ஒருவர் அனுப்பும் ஒரே பட்டியலின்படி' என்று சேர்த்தார்.